போனில் பதிவு செய்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறது, மைக் வாங்கத்தான் வேண்டுமா?

சாளரம் | ஜூன் 9, 2024, இரவு 9.50

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காவிரி அணைகளைப் பற்றி ஒரு பாடம் எழுதி, நானே படித்துப் போனில் பதிவு செய்தேன். 8 நிமிடம் வருகிறது. இரண்டாம் மாடி, 10க்கு 12 அடி அறை, தரை முழுக்க டைல்ஸ், ஒரு கட்டில், ஒரு மேஜை. போனை மேஜை மேல் ஒரு சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். முதல் தடவை ஃபேன் ஓடியது. சத்தமாக இருக்கிறதே என்று அடுத்த தடவை ஃபேனை நிறுத்திவிட்டுப் படித்தேன். இரண்டுமே கிணற்றுக்குள் நின்று பேசுவது போல் இருக்கின்றன. 3,000 ரூபாய்க்கு மைக் வாங்கினால் சரியாகுமா? இரண்டு பதிவுகளையும் இங்கே போட்டிருக்கிறேன்.

திரைச்சீலை | ஜூன் 9, இரவு 11.20

இப்போதைக்கு மைக் வாங்க வேண்டாம் டீச்சர். உங்கள் போன் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது? பதிவைக் கேட்டால் முக்கால் மீட்டருக்கு மேல் இருக்கும் போல் தோன்றுகிறது.

கிணற்றுச் சத்தம் ஃபேனால் வருவதில்லை, அதனால்தான் ஃபேனை நிறுத்தியும் அது போகவில்லை. உங்கள் குரல் நேராகப் போனுக்குப் போகிறது. அதே குரல் சுவரிலும் டைல்ஸிலும் கூரையிலும் பட்டுக் கொஞ்சம் தாமதமாகவும் போகிறது. பக்கத்தில் இருந்தால் நேர்க்குரல் ஓங்கி நிற்கும், தள்ளிப் போனால் சுவர்க்குரல் அதற்குச் சமமாக வந்துவிடும். தூரத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் நேர்க்குரல் 6 டெசிபல் ஏறும். அறையின் எதிரொலியும் ஃபேன் சத்தமும் ஏறாமல் அப்படியே கிடக்கும். 80 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ.க்கு வந்தால் இரண்டு தடவை பாதியாகிறது, 12 டெசிபல் லாபம். ஒரு ரூபாய் செலவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு காசுக்காகச் செய்த முதல் வேலை எனக்குத் திரும்பி வந்தது. 14 நிமிட விவரணை. "குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் அறையும் கூடவே பேசுகிறது" என்று எழுதியிருந்தார்கள். நானும் உங்களைப் போலத்தான் நினைத்து 6,000 ரூபாய்க்கு மைக் வாங்கி, போன் இருந்த அதே இடத்தில் வைத்துப் பதிவு செய்தேன். அறை முன்பைவிடத் துல்லியமாகக் கேட்டது.

கையை விரித்துக் கட்டை விரலை உதட்டில் வையுங்கள். சுண்டு விரல் தொடும் இடத்தில் போன் இருக்கட்டும். ஒரு சாண். அவ்வளவுதான்.

நாற்காலி | ஜூன் 10, காலை 7.05

சாண் கணக்கெல்லாம் சரி, அறையைச் சரி செய்யாமல் எதுவும் நடக்காது. முட்டைக்கடையில் அட்டை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன், நல்ல வித்தியாசம் தெரிகிறது. இன்னொன்று, போனை வாய் அருகே பிடிப்பதற்குப் பதில் ப்ளூடூத் இயர்போன் போட்டுக்கொண்டால் மைக் எப்போதும் ஒரே தூரத்தில் இருக்கும்.

திரைச்சீலை | ஜூன் 10, காலை 8.30

நாற்காலி சொல்வதில் பாதி சரி. மைக் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மிகவும் சரி. ஆனால் ப்ளூடூத் வேண்டாம். மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பெரும்பாலான ப்ளூடூத் இயர்போன்கள் தொலைபேசி அழைப்புக்கான வழிக்கு மாறிவிடும். அதில் மாதிரி வீதம், அதாவது ஒரு நொடியில் ஒலியை அளக்கும் தடவைகள், 8,000 அல்லது 16,000 தான். வீடியோவுக்கு நாம் வைப்பது 48,000. ச, ஸ, ஷ எல்லாம் மழுங்கி, யாரோ போனில் கூப்பிட்டுப் பாடம் நடத்துவது போல் ஆகும். ஒயர் வைத்த பழைய இயர்போன் பரவாயில்லை. அந்தச் சின்ன மைக் தாடைக்குக் கீழே ஒரு சாணுக்குள்தான் தொங்குகிறது. சட்டைக் காலரில் உரசாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முட்டை அட்டை எனக்கு உதவவில்லை. காகித அட்டைக்கு எடையும் இல்லை, தடிமனும் இல்லை.

மீட்டர் அலை | ஜூன் 10, மதியம் 1.15

முப்பது வருடம் ஒலிபரப்பில் தொழில்நுட்பப் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவன். முட்டை அட்டையால் நாற்காலி தம்பிக்கு வித்தியாசம் தெரிந்தது பொய்யில்லை. மேல் சுருதியில் கொஞ்சம் மாறும், கைதட்டினால் வரும் "டிங்" குறையும். ஆனால் குரலின் உடம்பு இருப்பது அதற்குக் கீழே. அங்கே அட்டை ஒன்றும் செய்யாது. பஞ்சு மெத்தை செய்யும், இரண்டாய் மடித்த ஜமுக்காளம் ஓரளவு செய்யும்.

எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். போனுக்குப் பின்னால் மட்டும் மெத்தையை நிறுத்துவார்கள். போன் மைக்குக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது, நாலா பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால் மூன்றடியில் வெறும் சுவர் இருந்தால் அதன் எதிரொலி நேராக மைக்குக்கு வரும். ஒரே ஒரு மெத்தைதான் இருக்கிறதென்றால் முதுகுப் பக்கம் வைத்துவிட்டு, ஜன்னல் திரையையோ துணி நிறைந்த அலமாரியையோ பார்த்துப் படியுங்கள்.

சாளரம் | ஜூன் 10, இரவு 10.10

அப்படியே அலமாரிக்குள் உட்கார்ந்துவிடலாமா? எங்கள் வீட்டில் சுவர் அலமாரி பெரியது, கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

திரைச்சீலை | ஜூன் 10, இரவு 10.45

நான் ஒரு மாதம் அப்படித்தான் செய்தேன். எதிரொலி முழுக்கப் போனது, ஆனால் குரல் டப்பாவுக்குள் இருப்பது போல் "ம்ம்" என்று வீங்கியது. வியர்வை வேறு. பிறகு கதவைத் திறந்து வைத்து, புடவைகளும் போர்வைகளும் தொங்கும் பக்கத்தைப் பார்த்து, வெளியே நின்று படித்தேன். அதுதான் இன்றுவரை.

மீட்டர் அலை | ஜூன் 10, இரவு 11.30

வீங்கியதற்குக் காரணம் அகலம். எதிரெதிர்ச் சுவர்கள் 1 மீட்டர் இடைவெளியில் இருந்தால் 170 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு சுரம் அங்கேயே தங்கி ஒலிக்கும். ஆண் பெண் இருவர் குரலுக்கும் அது நடு மடியில் விழுகிற இடம். துணி அதைத் தின்னாது.

சுருதிப்பெட்டி | ஜூன் 11, காலை 6.20

நானும் இதே பிரச்சினையில் இருக்கிறேன். கரோக்கி ஓடவிட்டுப் பாடும்போது மேல் ஸ்தாயியில் குரல் உடைந்து "கர்" என்று கேட்கிறது. ஒரு சாண் தூரத்தில் வைத்தால் இன்னும் மோசம். சாண் கணக்கு தவறு என்று நினைக்கிறேன்.

திரைச்சீலை | ஜூன் 11, காலை 9.00

பாட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பேச்சில் மெதுவான இடத்துக்கும் ஓங்கிய இடத்துக்கும் வித்தியாசம் குறைவு. பாட்டில் மேல் ஸ்தாயியில் பல மடங்கு ஏறும், போன் தாங்காமல் அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டுப்பட்டதைப் பிறகு ஒட்ட முடியாது. நீங்கள் இரண்டு முழம் தள்ளி நில்லுங்கள், எதிரொலி வந்தாலும் பாட்டுக்கு அது அவ்வளவு கெடுதல் இல்லை.

டீச்சரின் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பதிவுகளையும் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து பார்த்தேன். அதில் 0 தான் உச்சம், அதற்குக் கீழே போகப் போகச் சத்தம் குறைவு. ஃபேன் ஓடிய பதிவில் பேசாத இடம் சராசரி -52 டெசிபல், பேசும் இடம் சராசரி -36. இடைவெளி 16 தான். கேட்பவர் சத்தத்தைக் கூட்டினால் ஃபேனும் கூடவே ஏறி வருவது அதனால்தான். ஒலிப்புத்தகங்களுக்கு ACX தளம் கேட்கும் அளவில் பேசாத இடம் -60க்குக் கீழே, பேசும் இடம் -23க்கும் -18க்கும் நடுவே. பள்ளிப் பாடத்துக்கு அவ்வளவு கறார் வேண்டாம், இடைவெளி 35க்கு மேல் வந்தால் காதுக்கு உறுத்தாது.

இரண்டாவது பதிவில் வேறொன்று தெரிகிறது. நீங்கள் ஒரு பத்தி முடித்து நிறுத்தியதும் ஒரு நொடிக்குப் பின் அறைச் சத்தம் மெல்ல மேலே ஏறுகிறது. அடுத்த சொல் வந்ததும் சட்டென்று அமுங்குகிறது. அறை மூச்சு விடுவது போல. அது போன் செயலி தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் வருவது. அதை நிறுத்தாமல் எந்த அளவையும் நம்ப முடியாது.

திரைச்சீலை | ஜூன் 11, காலை 9.40

மேலே "அளவை நம்ப முடியாது" என்று எழுதிவிட்டு அதற்கு முன்பே -52, -36 என்று அளந்து சொல்லியிருக்கிறேன். அது முதல் பதிவின் முதல் 20 நொடியில், நீங்கள் பேசத் தொடங்கும் முன்பிருந்த இடத்தை வைத்து எடுத்தது. உண்மையான இடைவெளி இதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். தோராயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தானாகக் கூட்டிக் குறைப்பதை நிறுத்தும் வழி: ஆண்ட்ராய்டில் சில பதிவுச் செயலிகளின் அமைப்புகளில் எந்த மூலத்திலிருந்து பதிவு செய்வது என்று கேட்கும். `UNPROCESSED` என்றோ Raw என்றோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் `VOICE_RECOGNITION`. பெயரைப் பார்த்தால் பேச்சை எழுத்தாக்குவதற்கு என்று தோன்றும், ஆனால் பல போன்களில் அதில் குறுக்கீடு குறைவு. வடிவம் WAV, ஒற்றை ஒலித்தடம், 48,000. ஐபோன் என்றால் Voice Memos அமைப்பில் Audio Quality என்பதை Lossless ஆக்குங்கள்.

சாளரம் | ஜூன் 11, இரவு 9.15

என்னுடையது ஆண்ட்ராய்டு. Unprocessed கிடைத்தது, ஆனால் குரல் மிகவும் மெதுவாகப் பதிவாகிறது. போனின் எந்தப் பக்கத்தை வாய்க்கு நேரே காட்ட வேண்டும்? இத்தனை நாள் திரையைப் பார்த்துப் பேசினேன்.

திரைச்சீலை | ஜூன் 11, இரவு 10.00

மெதுவாகப் பதிவாவது நல்லதுதான், பிறகு கூட்டிக்கொள்ளலாம். உச்சம் -12க்கும் -6க்கும் நடுவே வந்தால் போதும்.

எந்தப் பக்கம் என்பதை விரல் நகத்தால் கண்டுபிடியுங்கள். பதிவை ஓடவிட்டு, சார்ஜர் குத்தும் இடத்துக்குப் பக்கத்துத் துளையை நகத்தால் மெல்லச் சுரண்டி "கீழ்" என்று சொல்லுங்கள். பிறகு மேல் விளிம்பில் சுரண்டி "மேல்", கேமரா பக்கத்துத் துளையில் சுரண்டி "பின்" என்று சொல்லுங்கள். கேட்டுப் பார்த்தால் ஒரு இடத்தில் சுரண்டல் காதைக் கிழிக்கும், மற்ற இடங்களில் எங்கோ கேட்கும். காதைக் கிழித்த துளைதான் உங்கள் மைக். ஊசி கொண்டு குத்திவிடாதீர்கள். உறை அந்தத் துளையைப் பாதி மூடியிருந்தால் உறையைக் கழற்றுங்கள்.

பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தான் இருக்கும். போனைத் தலைகீழாக, அந்தத் துளை உங்கள் வாயின் உயரத்துக்கு வரும்படி நிறுத்துங்கள். நேர் எதிரே வைக்காமல் வாய் ஓரத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரே இருந்தால் மூச்சு மைக்கில் மோதி "புப்" என்று அடிக்கும்.

மேஜையை விட்டு விலகுங்கள். வெறும் மேஜைப் பலகை குரலைத் திருப்பியடித்து ஒரு தகர ஓசையைச் சேர்க்கும். நான் நாலைந்து தடிமனான புத்தகங்களை அடுக்கி, மேலே துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் போனை நிறுத்துகிறேன். மேஜை மேலும் ஒரு போர்வை.

மீட்டர் அலை | ஜூன் 12, காலை 10.20

மூச்சு மோதல் பற்றி ஒரு சொல். நம் "பழம்", "பால்" என்பதில் வரும் ப ஆங்கிலப் p அளவுக்குக் காற்றைத் தள்ளாது. ஒரு மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன் பிடித்துச் சொல்லிப் பார்த்தால் தெரியும். காகிதம் தூக்கி அடிப்பது ஃபோன், ஃபேன் போன்ற சொற்களில்தான். அதனால் ஆங்கிலம் படிப்பவர்கள் சொல்லும் வலை வடிகட்டியெல்லாம் டீச்சருக்குத் தேவைப்படாது, பக்கவாட்டில் வைத்தாலே போதும்.

திரைச்சீலை | ஜூன் 12, மாலை 6.40

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. என் பதிவுகளில் "அப்புறம்", "கப்பல்" இரண்டிலும் அடி விழுகிறது. ஒரு சாணுக்குள் போனால் நிச்சயம் விழுகிறது. என் ப்ப மற்றவர்களைவிட அழுத்தமாக இருக்கலாம்.

தண்டவாளம் | ஜூன் 12, இரவு 11.55

என் வீட்டிலிருந்து 60 அடியில் ரயில் பாதை. மெத்தை, ஜமுக்காளம் எல்லாம் கட்டிப் பார்த்துவிட்டேன். சரக்கு வண்டி போகும்போது தரையே அதிர்கிறது, புத்தக அடுக்கு வழியாக அதுவும் பதிவாகிறது. இப்போது வண்டிகளின் நேரத்தை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இரவு 12.20க்கும் 1.05க்கும் நடுவே எதுவும் இல்லை. அந்த 45 நிமிடத்தில் 10 நிமிடம் தேறும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

மீட்டர் அலை | ஜூன் 13, காலை 9.30

உங்களுக்கு வேறு வழி இல்லை. துணி எதிரொலியைத்தான் தின்னும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அதைத் தடுக்க எடையும் காற்றுப் புகாத கதவும் வேண்டும், வாடகை வீட்டில் நடக்காது. புத்தக அடுக்குக்கு அடியில் ஒரு தலையணையை வையுங்கள், தரை வழியாக வரும் அதிர்வு குறையும். மிச்சத்துக்கு உங்கள் தாள்தான்.

திரைச்சீலை | ஜூன் 13, இரவு 10.30

நம் வீடுகளில் சத்தத்தைத் தேடும் வேலையை முதலில் காதால் செய்துவிட வேண்டும். நான் கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்கார்ந்து எண்ணுவேன். ஃபேன், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், சுவர்க் கடிகாரம், குளியலறையில் சொட்டும் குழாய். கடிகாரத்தை வெளியே கொண்டு போய் வைக்க வேண்டும். மேஜையிலிருந்து இறக்கி டிராயரில் போட்டேன், டிராயருக்குள்ளிருந்தும் கேட்டது.

ஃப்ரிட்ஜ் ஏமாற்றும். தொடங்கும்போது ஓடாது, நாலாவது நிமிடத்தில் "ங்ங்" என்று கிளம்பும். படிப்பவருக்குத் தெரியாது, பதிவில் அந்த இடத்திலிருந்து குரலுக்கு அடியில் ஒரு கம்பளம் விரித்தது போல் இருக்கும். பதிவு நேரத்தில் அதை அணைத்துவிடுகிறேன். மறந்து தூங்கி ஒரு தடவை பால் கெட்டுவிட்டது. அதிலிருந்து வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத்தான் சுவிட்சை அணைக்கிறேன். காலையில் சாவியைத் தேடும்போது ஃப்ரிட்ஜும் நினைவுக்கு வரும்.

போனை விமானப் பயன்முறையில் போடச் சொல்ல மறந்துவிட்டேன். முழுப் பதிவின் நடுவே அழைப்பு வந்தால் சில செயலிகள் பதிவையே நிறுத்திவிடும்.

சாளரம் | ஜூன் 15, இரவு 11.10

செய்தேன். ஃபேன் நிறுத்தம், ஃப்ரிட்ஜ் நிறுத்தம், முதுகுக்குப் பின்னால் மெத்தை, எதிரே திறந்த அலமாரி, ஒரு சாண், பக்கவாட்டில். கிணறு போய்விட்டது! என் குரல் இப்படி இருக்கும் என்றே தெரியாது. ஆனால் 8 நிமிடப் பாடத்துக்கு 1 மணி 40 நிமிடம் ஆனது. தவறு வந்தால் நிறுத்தி, அழித்து, முதலிலிருந்து. கடைசியில் "மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது" என்பதை 1943 என்று படித்திருக்கிறேன். மறுநாள் அந்த எண்ணை மட்டும் பதிவு செய்து ஒட்டினேன். வேறு யாரோ வந்து வருடம் சொல்வது போல் இருக்கிறது.

திரைச்சீலை | ஜூன் 16, காலை 7.45

உங்கள் புதிய பதிவில் பேசாத இடம் -64, பேசும் இடம் -24. இடைவெளி 40. போன் அதே போன்தான்.

தவறு வந்தால் பதிவை நிறுத்தவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கட்டும். நாக்கை மேலண்ணத்தில் வைத்து "டக்" என்று ஒரு சொடுக்கு, அல்லது ஒரு கைதட்டு. இரண்டு நொடி சும்மா இருங்கள். அந்த வாக்கியத்தை முதல் சொல்லிலிருந்து மறுபடி படியுங்கள். திருத்தும்போது அலை வடிவத்தில் சொடுக்கு ஒரு ஆணி போல நீட்டிக்கொண்டு நிற்கும். ஆணியைத் தேடிப் போய், அதற்கு முந்தைய வாக்கியத்தை வெட்டினால் முடிந்தது. எனக்கு இப்போது 8 நிமிடத்துக்குப் பதிவு 14 நிமிடம், திருத்தம் 40 நிமிடம்.

எண்ணை மட்டும் ஒட்டியது ஏன் வேறு ஆள் போல் இருக்கிறது என்றால், "மேட்டூர் அணை" என்று தொடங்கும்போது குரல் ஏறி, வருடத்தில் ஒரு அழுத்தம் விழுந்து, "முடிக்கப்பட்டது" என்பதில் இறங்குகிறது. தனியாக ஒரு எண்ணைச் சொன்னால் அது பட்டியல் படிப்பது போல் அதிலேயே ஏறி அதிலேயே இறங்கும். முழு வாக்கியத்தையும் படியுங்கள். படிக்கும் முன், பழைய பதிவில் அதற்கு முந்தைய இரண்டு வாக்கியங்களை இயர்போனில் கேளுங்கள், அந்த வேகம் காதில் இருக்கும்போதே தொடருங்கள். ஒட்டும் இடம் வாக்கியங்களுக்கு நடுவே மட்டும். சொல்லுக்கு நடுவே தமிழில் ஒட்டவே முடியாது, எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து வரும்.

மீட்டர் அலை | ஜூன் 16, மதியம் 12.10

கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். சொல்லுக்கு நடுவே ஒட்டத் தமிழைப் போல வசதியான மொழி எனக்குத் தெரிந்து குறைவு. நாடா காலத்தில் பிளேடால் வெட்டி ஒட்டியிருக்கிறோம். க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப வரும் இடத்தில் வாய் ஒரு கணம் முழுக்க மூடிக்கொள்ளும், அங்கே உண்மையில் ஒலியே கிடையாது. "தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில்" என்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். "ரத்", "முப்", "பத்" ஒவ்வொன்றுக்கும் பின்னால் அலை தட்டையாகக் கிடக்கும். அந்தத் தட்டையில் வெட்டலாம், ஒட்டலாம், காது கண்டுபிடிக்காது. வெட்டக் கூடாதது ம, ன, ல, ழ, உயிரெழுத்து வரும் இடங்கள். அங்கே ஒலி அறுபடாமல் ஓடும்.

திரைச்சீலை | ஜூன் 16, இரவு 9.20

செய்து பார்த்தேன். "தொள்ளாயிரத்து" என்பதன் த் இடத்தில் வெட்டி, அதே வாக்கியத்தின் வேறொரு படிப்பிலிருந்து மீதியை ஒட்டினேன். நானே தேடியும் இடம் தெரியவில்லை. காலையில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இரண்டு படிப்பும் ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்தவை. மூன்று நாள் முந்தைய பதிவோடு ஒட்டிப் பார்த்தேன், ஒட்டு தெரியவில்லை, குரலின் நிறம் மாறுவது தெரிகிறது. என் காலைக் குரல் இரவுக் குரலைவிடக் கனமாக இருக்கும். மறுபதிவை அதே நேரத்தில், அதே இடத்தில் நின்றுதான் எடுக்க வேண்டும். புத்தக அடுக்கு இருந்த இடத்தையும் கால் வைத்த இடத்தையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்திருக்கிறேன்.

நாற்காலி | ஜூன் 17, காலை 8.00

இவ்வளவு எதற்கு? ஆடாசிட்டியில் Noise Reduction ஓடவிட்டால் ஃபேன் போய்விடும். ஃபேனுக்கு அடியிலேயே உட்கார்ந்து பதிவு செய்கிறேன், ஜூன் மாத வெயிலில் ஃபேன் இல்லாமல் யாரால் முடியும்?

திரைச்சீலை | ஜூன் 17, இரவு 10.15

வெயில் நியாயமான கேள்விதான். நான் ஒரு பத்தி படித்து, பதிவை ஓடவிட்டபடியே எழுந்து ஃபேனைப் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து நிறுத்தி, இறக்கைகள் முழுக்க நின்றபின் தொடர்கிறேன்.

Noise Reduction எனக்கும் தேவைப்படுகிறது, ஆனால் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் பதிவைப் போல ஃபேன் குரலுக்கு நெருக்கமாக இருந்தால் 12 டெசிபல் போதாது, 20, 24 என்று ஏற்றத் தோன்றும். அப்போது சொற்களின் வாலில் தண்ணீருக்கடியில் குமிழி விடுவது போல் ஒரு ஒலி சேரும். ழ, ள, ன முடிவுகளில் நன்றாகத் தெரியும். இயர்போனில் "அவள்", "தமிழ்" என்று முடியும் இடங்களைக் கேட்டுப் பாருங்கள். ஃபேனை நிறுத்தி எடுத்த பதிவுக்கு நான் 6 வைக்கிறேன், அதற்கு மேல் போவதில்லை. எதிரொலிக்கு அது ஒன்றுமே செய்யாது, எதிரொலியும் உங்கள் குரல்தான்.

இதற்காகவே ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அசையாமல், மூச்சை அடக்கி, 15 நொடி வெறும் அறையைப் பதிவு செய்கிறேன். Get Noise Profile அந்த இடத்தைத்தான் கேட்கும். இன்னொரு வேலைக்கும் அது உதவும். வெட்டிய இடங்களில் முழு மௌனத்தை வைத்தால் காது உடனே திடுக்கிடும், அறையே காணாமல் போனது போல் இருக்கும். அந்த 15 நொடியிலிருந்து ஒரு துண்டை நகலெடுத்து அங்கே வைப்பேன்.

மீட்டர் அலை | ஜூன் 18, காலை 11.00

6 கூட வேண்டாம் என்பது என் கட்சி. -64 என்பது கேட்காத சத்தம். கேட்காததைத் துடைக்கப் போய்க் கேட்பதைக் கெடுக்க வேண்டாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

திரைச்சீலை | ஜூன் 18, இரவு 8.50

80க்குக் கீழே வெட்டுவதை ஏற்கிறேன், லாரி போகும் அதிர்வு அதில் போய்விடுகிறது. 6 பற்றி நாம் ஒத்துப்போக மாட்டோம். பிள்ளைகள் இதைப் போன் ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்பார்கள், அதில் மிச்சச் சத்தம் இழைவது எனக்குக் கேட்கிறது.

சாளரம் | ஜூலை 4, இரவு 10.30

மூன்று பாடங்கள் முடித்துவிட்டேன். சொடுக்கு முறையில் மூன்றாவது பாடம் 22 நிமிடப் பதிவில் முடிந்தது. இப்போது குரல் சுத்தமான பிறகு, முன்பு கேட்காத ஒன்று கேட்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் வாயிலிருந்து ஈரமாக "ச்லக்" என்று ஒரு சின்ன ஒலி.

திரைச்சீலை | ஜூலை 4, இரவு 11.15

நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரியும் ஒலி. வாய் காய்ந்தால் கூடும். சாப்பிட்ட உடனே, அதிலும் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் பதிவு செய்தால் எனக்கு மிகவும் கூடும். பதிவுக்கு அரை மணி முன்பிருந்து வாய் வாயாகத் தண்ணீர் குடிக்கிறேன், பத்திகளுக்கு நடுவேயும். வாக்கியம் தொடங்கும் முன் வாயைத் திறந்து மூச்சு எடுத்துவிட்டு, அந்தத் திறந்த வாயோடே தொடங்கினால் ஒலி மூச்சுக்கு முன்னால் விழும், வெட்டுவது எளிது.

இன்னொன்றையும் பாருங்கள், நீங்கள் சாணிலிருந்து நான்கு விரலுக்கு வந்துவிட்டீர்களோ? மூன்றாம் பாடத்தில் அலை முன்பைவிடத் தடிமனாக இருக்கிறது. நான்கு விரல் தூரத்தில் தலையை ஒரு அங்குலம் அசைத்தாலும் சத்தம் ஏறி இறங்கும், வாய்க்குள் நடப்பதெல்லாம் பதிவாகும்.

சாளரம் | ஜூலை 5, காலை 6.50

ஆமாம், புத்தக அடுக்கை நகர்த்திவிட்டேன். கிட்ட வந்தால் இன்னும் நல்லது என்று நினைத்தேன்.

திரைச்சீலை | ஜூலை 18, இரவு 9.40

நேற்று ஆடி பிறந்தது. எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் காலை 5 மணிக்கே ஒலிபெருக்கி, இரவு 10 வரை. 9 நிமிட வேலை ஒன்றை நாளைக்குள் கொடுக்க வேண்டும். நேற்று 10.30க்குத் தொடங்கினேன். ஃபேன் நின்று, ஃப்ரிட்ஜ் நின்று, எல்லாம் அடங்கியபின் ஜன்னலுக்கு வெளியே ஒரு சில்வண்டு விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரே சுருதியில், மிகவும் மேலே. 80க்குக் கீழே வெட்டுவது அதைத் தொடாது, 6 டெசிபலில் பாதிதான் போகிறது. மேலே அந்த ஒரு இடத்தை மட்டும் ஒடுக்கமாக வெட்டினால் என் ஸ எல்லாம் மந்தமாகிறது.

மீட்டர் அலை சார், நாடா காலத்தில் சில்வண்டை என்ன செய்தீர்கள்?

மீட்டர் அலை | ஜூலை 19, காலை 7.10

ஒருவர் டார்ச் எடுத்துக்கொண்டு போய் அது உட்கார்ந்திருக்கும் செடியைத் தட்டுவார். பத்து நிமிடம் அடங்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும்.